கமிஷனா, மாசச் சம்பளமா? சலூன்ல எது சரியா வரும்?

ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணி. கடை நிறைய ஆளு. ஒரு அப்பா தன்னோட ஆறு வயசுப் பையனைக் கூட்டிட்டு உள்ள வர்றாரு. சேர் கைப்பிடி மேல பலகையைப் போட்டு உக்கார வெச்சு, தலை ஆடாம பிடிச்சு வெட்டணும். அழுதா அரை மணி நேரம் முக்கால் மணி நேரமாயிடும். பில் நூத்தம்பது ரூபா.

அப்ப கையில வேலை இல்லாம ரெண்டு ஸ்டைலிஸ்ட் நிக்கிறாங்க. ஒருத்தர் சீப்பைத் துடைக்க ஆரம்பிக்கிறாரு. இன்னொருத்தர் போனை எடுத்துட்டு வெளிய போறாரு. ரெண்டு பேரும் நல்ல பசங்க, வேலை தெரிஞ்சவங்க. அவங்களுக்குச் சம்பளம் கிடையாது, நாப்பது சதவீதம் கமிஷன். அந்தப் பையனோட தலைக்கு அறுபது ரூபா கிடைக்கும். பின்னாடி சோபாவுல கலரிங் பண்ண ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. அது ஆயிரத்து ஐநூறு ரூபா வேலை, அறுநூறு ரூபா கமிஷன்.

நான் ஸ்டைலிஸ்ட்டா நின்னு வேலை பார்த்துட்டுத்தான் கடை போட்டேன். ரெண்டு பக்கமும் நின்னு பார்த்ததுல ஒண்ணு புரிஞ்சுது. நீங்க எதுக்குக் காசு கொடுக்குறீங்களோ, வேலை அந்தப் பக்கம் சாயும். காசு கொடுக்காத வேலை அப்படியே கிடக்கும். இதை ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: ஹேர்கட் 200 ரூபாய், கலரிங் 1,500 ரூபாய்]

ஹேர்கட் இருநூறு ரூபா, அரை மணி நேர வேலை. நாப்பது சதவீதம்னா ஸ்டைலிஸ்ட்டுக்கு எண்பது. அதாவது மணிக்கு நூத்தி அறுபது. கடைக்கு நிக்கிறது மணிக்கு இருநூத்தி நாப்பது.

கலரிங் ஆயிரத்து ஐநூறு, ரெண்டு மணி நேரம். ஸ்டைலிஸ்ட்டுக்கு அறுநூறு, மணிக்கு முந்நூறு. ஆனா கலர் ட்யூப், டெவலப்பர், ஷாம்பு எல்லாம் சேர்த்து ஐநூறு ரூபா பொருள் செலவு. அதையும் கழிச்சா கடைக்கு நானூறுதான். மணிக்கு இருநூறு.

இப்ப பாருங்க. ஸ்டைலிஸ்ட்டுக்குக் கலரிங்தான் லாபம், கடைக்கு ஹேர்கட்தான் லாபம். முடி வெட்ட வர்றவங்க கிட்ட எல்லாம் 'கலர் பண்ணிக்கோங்க'ன்னு அவர் சொல்லிட்டே இருப்பாரு. மாசக் கடைசியில பில் தொகை பெருசா தெரியும், ஆனா முதலாளி கையில ஒண்ணும் நிக்காது. அதுக்கப்புறம் ஸ்டைலிஸ்ட் மேல சந்தேகம் வரும். அவர் எந்தத் தப்பும் பண்ணல. கமிஷன் போட்ட விதம்தான் தப்பு.

திருத்துறது சுலபம். பொருள் செலவைக் கழிச்சுட்டு, மீதி ஆயிரத்துக்கு நாப்பது சதவீதம் கொடுங்க. அவருக்கு நானூறு, மணிக்கு இருநூறு. கடைக்கு அறுநூறு, மணிக்கு முந்நூறு. இப்ப கலரிங் ரெண்டு பேருக்குமே ஹேர்கட்டை விட லாபம். ட்யூப்பை வீணாக்காம பிழிஞ்சு எடுக்கவும் அவருக்கே மனசு வரும். ஆனா ஒரு வேலைக்கு எவ்வளவு பொருள் செலவுன்னு முன்னாடியே எழுதி சுவத்துல ஒட்டிடுங்க. மாசக் கடைசியில முதலாளி வாய்க்கு வந்ததைக் கழிச்சா நம்பிக்கை போயிடும்.

சரி, இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாருக்கும் மாசம் இருபதாயிரம்னு வெச்சுட்டா?

பலகை போட்டு முடி வெட்ட ஆள் வரும். முடியைக் கூட்டி அள்ளுவாங்க, கத்திரியைக் கழுவி வெப்பாங்க. புதுசா வந்த பையனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கவும் பொறுமை இருக்கும். கத்துக்கிற பையனுக்குச் சம்பளம்தான் சரி. அவனைக் கமிஷன்ல விட்டா, ரெண்டு தலை கூட வெட்டணும்னு அவசரப்படுவான், கை பழகாது.

ஆனா ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு வேலை செய்றவருக்கும் இருபதாயிரம், அஞ்சு பேருக்கு செய்றவருக்கும் இருபதாயிரம்னா, ரெண்டே மாசத்துல அந்தப் பத்து ஏழாகும். இல்லைன்னா அவர் அடுத்த தெருவுல சொந்தமா கடை போட்டுடுவாரு. அவர் கைக்குப் பழகின வாடிக்கையாளர்களும் பின்னாடியே போயிடுவாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. நம்ம ஊர் சலூன்ல வருமானம் எல்லா மாசமும் ஒண்ணா இருக்காது. ஆடியில கல்யாணம் இல்ல, மணப்பெண் அலங்கார ஆர்டர் இல்ல. கார்த்திகையில சபரிமலைக்கு மாலை போட்டவங்க விரதம் முடியுற வரைக்கும் முடி வெட்ட மாட்டாங்க, தாடி எடுக்க மாட்டாங்க. நல்ல மாசத்துல அறுபதாயிரத்துக்கு வேலை செய்ற ஸ்டைலிஸ்ட், கார்த்திகையில முப்பத்தஞ்சாயிரத்துக்குத்தான் செய்வாரு. முழுக் கமிஷன்னா இருபத்துநாலாயிரம் வாங்கினவர் பதினாலாயிரத்துக்கு இறங்குவாரு. வீட்டு வாடகையும் ஸ்கூல் பீஸும் இறங்காதே! அண்ணே, ஒரு அஞ்சாயிரம் அட்வான்ஸ்னு வந்து நிப்பாரு. அது அடுத்த மாசம் பிடித்தமாகும், அடுத்த மாசம் இன்னொரு அட்வான்ஸ். கடனுக்கு வேலை பார்க்குறவருக்கு வேலையில மனசு ஒட்டாது.

அதனால நான் ரெண்டையும் கலந்து வெச்சிருக்கேன்.

[திரையில்: நிலைச் சம்பளம் 14,000. பொருள் செலவு போக 25,000-க்கு மேல செய்ற வேலைக்கு 25 சதவீதம்]

அறுபதாயிரம் செஞ்சா, மேல இருக்கிற முப்பத்தஞ்சாயிரத்துக்கு எட்டாயிரத்து எழுநூத்தம்பது. மொத்தம் இருபத்திரெண்டாயிரத்து எழுநூத்தம்பது. கார்த்திகையில முப்பத்தஞ்சாயிரம் செஞ்சா பதினாறாயிரத்து ஐநூறு. நல்ல மாசத்துல கொஞ்சம் விட்டுக் கொடுக்குறாரு, கெட்ட மாசத்துல கடை தாங்குது. பலகை போடுறது, கடையைச் சுத்தமா வெச்சுக்கிறது, சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடுக்குறது எல்லாம் அந்தப் பதினாலாயிரத்துக்குள்ள வர்ற வேலைன்னு சேரும்போதே பேசிடுறேன். வர்ற ஆளை முறை வெச்சு அனுப்புறேன். அவர் முறையில குழந்தை வந்தா குழந்தைதான்.

இங்க ஒரு எச்சரிக்கை. 'அறுபதாயிரத்தைத் தொட்டா மூவாயிரம் போனஸ், தொடலைன்னா ஒண்ணும் இல்ல'ன்னு மட்டும் வெக்காதீங்க. இருபத்தஞ்சாம் தேதி நாப்பதாயிரத்துல நிக்கிறவர், இனி எட்டாதுன்னு கையை விட்டுடுவாரு. அம்பத்தெட்டாயிரத்துல நிக்கிறவர், முடி வெட்ட வந்தவர் தலையில ஹேர் ஸ்பாவைக் கட்டுவாரு. தொட்டு முடிச்சவர், 'சார், கலரிங் ஒண்ணாம் தேதிக்கு மேல வெச்சுக்கலாமே'ம்பாரு. அதுக்குப் பதிலா ஒவ்வொரு ரூபாய்க்கும் கொஞ்சம் ஏறுற மாதிரி வெச்சா இந்தச் சிக்கல் வராது.

உங்க கடையில இது நடக்குதான்னு பில் புக்கே சொல்லும். மாசத்தோட கடைசி அஞ்சு நாள்ல பெரிய பில் குவியுதா பாருங்க. அந்தப் பில் கட்டின வாடிக்கையாளர்கள் ரெண்டு மாசத்துக்குள்ள திரும்பி வந்தாங்களான்னு போன் நம்பரை வெச்சுப் பாருங்க. வரலைன்னா வேலையை அவங்க கேட்டு வாங்கல, அவங்க தலையில கட்டியிருக்காங்க. குழந்தைங்களுக்கு யார் யார் வெட்டினாங்கன்னும் எண்ணுங்க. எல்லாம் ஒரே பேரா இருந்தா, மத்தவங்க நழுவுறாங்க.

மாத்தணும்னு முடிவு பண்ணினா ஒரே நாள்ல மாத்தாதீங்க. ரெண்டு மாசம் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதி, ஒவ்வொருத்தருக்கும் தனியா காட்டுங்க. எதுல அதிகம் வருதோ அதைக் கொடுங்க. அந்த ரெண்டு மாசத்துல ஒண்ணு ஆடியாவோ கார்த்திகையாவோ இருக்கட்டும். நிலைச் சம்பளம் எதுக்குன்னு அப்பதான் அவங்களுக்கும் புரியும்.