மாவுப் பூட்டுக்குள் ஒரு மணி நேரம்

ஊறிய பாஸ்மதி கொதிநீரில் பத்தே நிமிடத்தில் வெந்துவிடும். ஆட்டிறைச்சிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டு மூடி, ஒன்றாக இறக்குவதுதான் பச்சைக்கறி தம் பிரியாணி. கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் கல்யாணச் சமையலுக்கு விறகு மூட்டுகிறவர்களுக்கும், வீட்டில் கேஸ் அடுப்பில் செய்கிறவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

ஒரு கிலோ கறிக்கு ஒரு கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம். கறியில் கால் கிலோ கெட்டித் தயிர், மசாலா, உப்பு, பொரித்த வெங்காயம், நெய் ஆகியவற்றோடு இரண்டு மேசைக்கரண்டி பச்சைப் பப்பாளி விழுதைப் பிசைந்து, குளிர்பெட்டியில் நான்கு மணி நேரம் ஊறவிட வேண்டும். பப்பாளி கறியின் நாரை இளக்கும். கூடினால் கறி கூழாகிவிடும். தண்ணீர் சொட்டுகூட வேண்டாம். தயிரும் கறியும் விடும் நீரே ஆவியாகி மேலேறி அரிசியை வேகவைக்கும்.

அந்த ஈரம் அடியில் அதிகம், உச்சியில் குறைவு. அதனால் அரிசியை ஒரே பதத்தில் வடிக்கக் கூடாது. அரை மணி நேரம் ஊறிய அரிசியை உப்பு தூக்கலான கொதிநீரில் போட்டு, மறுபடி கொதி வந்து மூன்றாவது நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கை அரித்துக் கறிமேல் பரப்புங்கள். நசுக்கினால் நடுவில் வெள்ளையாகக் கடினமான கரு தெரிய வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் அடுத்த பங்கு. ஏழாவது நிமிடத்தில், கரு ஏறக்குறைய மறைந்தபின், கடைசிப் பங்கு. சமையலின் உயிரே இந்த மூன்று அடுக்கில்தான் இருக்கிறது என்பேன்.

பிறகு கோதுமை மாவைக் கயிறாகத் திரித்துச் சட்டி விளிம்பில் ஒட்டி, மூடியை அழுத்த வேண்டும். பதினைந்து நிமிடம் நல்ல தீ. மாவு வெளுப்பு மாறி இறுகும். அப்போது சட்டிக்கடியில் தோசைக்கல் வைத்து, சிறுதீயில் நாற்பது நிமிடம். விறகடுப்பானால் கீழே தணலைக் குறைத்து, தேங்காய் சிரட்டைக் கங்குகளை மூடிமேல் பரப்பலாம்.

உள்ளே பார்க்க முடியாது, ஆனால் கேட்கலாம். முதலில் தளதளவென்று கொதிக்கும். நீர் வற்றியதும் நெய்யில் பொரிவதுபோல் சரசரக்கும். அதுதான் இறக்கும் நேரம். மாவு விரிந்து ஆவி கசிந்தால் மேலரிசி விறைத்து நிற்கும், அடி தீயும். விரிசல் கண்டவுடன் ஈரமாவால் அடைத்துவிடுங்கள்.

சில எல்லைகளைச் சொல்லியாக வேண்டும். உறைந்து வரும் வெளிநாட்டுச் செம்மறிக் கறி முற்றியதாக இருந்தால் இந்த நேரத்தில் மசியாது. அதை முக்கால் பதம் தனியாக வேகவைத்து, நீரை வற்றவிட்டு, பிறகு அரிசியை அடுக்குவதே நல்லது. கோழியானால் சிறுதீ இருபத்தைந்து நிமிடமே போதும். கூட்டத்துக்குச் செய்யும்போது சட்டியை ஆழமாக்காமல் அகலமாக்குங்கள். கறி இரண்டு துண்டு உயரத்துக்கு மேல் குவிந்தால், அடியில் இருப்பது கரைந்துபோகும்போது மேலே இருப்பது ரப்பராகக் கிடக்கும்.