பாப்பா பேசாவிட்டால் பரவாயில்லை

விருந்தாளி உள்ளே நுழைந்ததும் இரண்டு வயதுப் பிள்ளை அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. "சித்தப்பாவுக்கு வணக்கம் சொல்லு" என்று அம்மா அதை முன்னால் நகர்த்துகிறார். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று வந்தவர் குனிந்து கன்னத்தைக் கிள்ளுகிறார். கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் அந்தச் சின்ன முகத்தையே பார்க்கிறார்கள். பிள்ளை வீறிடுகிறது. எல்லாரும் பாசத்தில்தான் செய்தார்கள். ஆனால் செய்த ஒவ்வொன்றும் பயத்தைக் கூட்டிவிட்டது.

புதுமுகத்தைக் கண்டு மிரளுவது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழெட்டு மாதத்தில் தொடங்குகிறது. சிலரிடம் அது மூன்று வயதுக்கு மேலும் நீடிக்கும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மை, புதிய ஒலி, புதிய வாசனையைக் காட்டிக் கவனித்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதறி அழுதது. அப்படி அழுத குழந்தைகளில் பலர், இரண்டு வயதில் அந்நியரைக் கண்டு ஒதுங்குபவர்களாக இருந்தார்கள். ஆகவே, கூச்சத்துக்கு வளர்ப்பையோ செல்லத்தையோ மட்டும் குறை சொல்ல முடியாது. அது பிறவிச் சுபாவமாகவும் இருக்கலாம்.

இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 85 சென்டிமீட்டர். நின்றபடி பேசும் பெரியவர் அதைப்போல இரண்டு மடங்கு. மேலிருந்து ஒரு முகமும் இரண்டு கைகளும் வேகமாக இறங்கி வந்தால் பிள்ளை பின்வாங்கத்தான் செய்யும். அதனால் முதலில் உட்கார வேண்டும். தரையில் உட்காரும் பழக்கம் உள்ள நம் வீடுகளில் இது சுலபம். முட்டி வலிப்பவர்களுக்குத் தாழ்வான முக்காலி போதும். ஆனால் கண் மட்டத்துக்கு இறங்கிவிட்டோம் என்று பிள்ளையின் முகத்துக்கு நேராகப் போய் உற்றுப் பார்த்தால் பலன் கெட்டுவிடும். நாலைந்து அடி தள்ளி, உடம்பைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி உட்கார்வது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவை எடுத்துக்கொள்வோம். போனில் பாப்பா அவருக்கு முத்தமெல்லாம் கொடுத்திருக்கிறாள். நேரில் பார்த்ததும் ஒளிந்துகொள்கிறாள். கையகலத் திரையில் பார்த்த முகம் இப்போது முழு உருவமாக, வேறு வாசனையோடு, வீட்டுக்குள் நிற்கிறது. அவளுக்கு அவர் புது ஆள்தான்.

சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து முதலில் அண்ணியிடம் பேசட்டும். அம்மாவின் முகம் மலர்கிறதா என்று பாப்பா பார்ப்பாள். புதியவரை நம்பலாமா என்பதை அந்த வயதுப் பிள்ளைகள் தாயின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பிறகு அவர் தரையில் உட்கார்ந்து, தணிந்த குரலில் ஒரே வாக்கியம் சொல்லலாம்: "பாப்பா, உன் யானை நல்லா இருக்கே." கேள்வி வேண்டாம். "பேர் என்ன, அம்மா பிடிக்குமா அப்பா பிடிக்குமா" என்று அடுக்கினால் பரீட்சையாகிவிடும். சொன்ன பிறகு, மனதுக்குள் பத்து எண்ணும் நேரம் சும்மா இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். மௌனம் தாங்காமல் மறுபடி கேட்கிறோம், குரலை உயர்த்துகிறோம், சாக்லேட்டை நீட்டுகிறோம்.

பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படபடப்பு அடங்குவதற்காகக் குழந்தைகள் பார்வையை விலக்குவார்கள். பத்து எண்ணியும் பதில் இல்லையா? "சரிடா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே காபி குடிக்கத் திரும்பிவிட வேண்டும். ஓரக்கண்ணால் நோட்டமிட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். "சித்தப்பாவுக்கு ரொம்ப வருத்தம்" என்று முகத்தைத் தொங்கப்போடுவதும் கூடாது. பெரியவரின் மனதைத் தேற்றும் வேலை அந்தப் பிள்ளைக்கு எதற்கு?

சற்று நேரத்தில் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். அம்மாவை விட்டு ஓரடி நகர்வாள். யானையை அவர் பக்கம் உருட்டிவிடுவாள். உருட்டியதைத் திருப்பி உருட்டினால் போதும், உடனே தூக்கி மடியில் வைக்கக் கூடாது. சில பிள்ளைகளுக்கு இதற்கு அரை மணி நேரமாகும். சிலரிடம் அன்று எதுவுமே நடக்காது.

பெற்றோர் "இவ கூச்ச சுபாவம்" என்று அவள் காதுபட முத்திரை குத்தாமல், "அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லிவிடலாம். வீட்டாரிடமும் சரியாகப் பேசாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாமல், வேண்டியதைச் சுட்டிக்காட்டாமல் இருந்தால் அதைக் கூச்சம் என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் நன்றாகப் பேசும் பிள்ளை, பள்ளி சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அங்கே வாயே திறக்காவிட்டாலும் அப்படித்தான்.

மற்றபடி, அடுத்த முறை உறவினர் வீட்டுக்குப் போகும்போது, அங்குள்ள சின்னப் பிள்ளை உங்களிடம் பேசாவிட்டால் அதன் அம்மாவிடம் "பரவாயில்ல, விடுங்க" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.