கையெழுத்து யாருடையது? ஆவணப்படமும் எளியோரின் ஒப்புதலும்

கைப்பேசியிலேயே படம் எடுத்துக் கணினியில் தொகுத்துவிட முடிகிற காலம் இது. இதனால் ஆவணப்படம் எடுக்கும் ஆர்வம் மாணவர்களிடையே பெருகி வருகிறது. முதியோர் இல்லம், மனநலக் காப்பகம், ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஆகியவையே பெரும்பாலும் நாம் நாடிச் செல்லும் இடங்கள். அங்கே பொறுப்பாளரைப் பார்த்து, ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கியதும் படப்பிடிப்பைத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் படத்தில் தோன்றப்போவது அந்தப் பொறுப்பாளர் அல்லர். படத்தில் தோன்றும் மனிதர் உண்மையிலேயே சம்மதித்தாரா? சம்மதித்தாலும் அவரைப் பற்றிய அனைத்தையும் காட்டிவிடலாமா? இவ்விரண்டு கேள்விகளையும் நீதிமன்றம்வரை கொண்டுசென்ற ஒரு படத்தை இக்கட்டுரையில் காண்போம்.

பிரிட்ஜ்வாட்டரில் 29 நாள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரில், குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளிகளை அடைத்து வைக்கும் அரசு மருத்துவமனை ஒன்று இருந்தது. பெயர்தான் மருத்துவமனை, அதனை நடத்தியது சிறைத்துறை. சிறு குற்றத்திற்காகப் பிடிபட்டுப் பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தவர்களும் உண்டு. சட்டம் கற்பித்து வந்த ஃபிரெடரிக் வைஸ்மேன் தம் மாணவர்களை இவ்விடத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்குக் கண்டவற்றை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று விரும்பிய அவர், 1966-ஆம் ஆண்டு ஒளிப்பதிவாளர் ஜான் மார்ஷலுடன் சேர்ந்து 29 நாள் படம் பிடித்தார். 80,000 அடி படச்சுருள் செலவானது. ஓட்டிப் பார்த்தால் அது ஏறத்தாழ 37 மணி நேரம். அதிலிருந்து தொகுக்கப்பட்டதே 84 நிமிடம் ஓடும் ‘டிட்டிகட் ஃபாலிஸ்’. பின்னணி விளக்கம் இல்லை, நேர்காணலும் இல்லை. காவலர்களும் மருத்துவர்களும் நோயாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்பதை மட்டுமே அப்படம் காட்டுகிறது.

1967-இல் படம் திரைக்கு வரவிருந்தபோது மாநில அரசு வழக்குத் தொடுத்தது. நோயாளிகளின் அந்தரங்கம் மீறப்பட்டது என்பது அரசின் முதன்மையான குற்றச்சாட்டு. 1968-இல் நீதிபதி படத்தைத் தடை செய்ததோடு பிரதிகளை அழிக்கவும் உத்தரவிட்டார். 1969-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவைத் தளர்த்தியது. மருத்துவர், வழக்கறிஞர், நீதிபதி, சமூகப் பணியாளர், இத்துறைகளில் பயிலும் மாணவர் ஆகியோர் பார்க்கலாம். பொதுமக்கள் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தடை முழுமையாக நீங்கியது 1991-இல்தான்.

அனுமதி வேறு, ஒப்புதல் வேறு

வைஸ்மேன் திருட்டுத்தனமாகப் படம் எடுக்கவில்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் அனுமதியும் மேலதிகாரிகளின் அனுமதியும் அவரிடம் இருந்தன. ஆனால் அந்த அனுமதிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. தாமாக முடிவெடுக்கும் திறன் உள்ள நோயாளிகளை மட்டுமே படம் பிடிக்க வேண்டும். அவர்களிடம் எழுத்துவழி ஒப்புதலும் பெற வேண்டும். படத்தில் தோன்றிய நோயாளிகளோ பலர். நீதிமன்றத்தில் தெரியவந்தபடி ஒப்புதல் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் மட்டுமே.

சிக்கல் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒருவர் அறிந்து தரும் ஒப்புதலுக்கு மூன்று அடிப்படைகள் வேண்டும். என்ன நடக்கப்போகிறது என்பது அவருக்குப் புரிய வேண்டும். முடிவெடுக்கும் திறன் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் தமக்குத் தீங்கு வராது என்னும் நம்பிக்கையும் இருக்க வேண்டும். பிரிட்ஜ்வாட்டரில் மூன்றாவது அடிப்படை யாருக்குமே இல்லை எனலாம். ஒரு நோயாளியின் சோறு, உடை, அறை, விடுதலை என எல்லாமே அங்குள்ள ஊழியர்களின் கையில். அதே ஊழியர் படக்குழுவின் அருகில் நிற்கும்போது அந்த நோயாளி எப்படி மறுப்பார்? மனநோயே இல்லாத ஒருவர் அங்கிருந்தாலும் அவருடைய கையெழுத்தைச் சுதந்திரமான கையெழுத்தாகக் கொள்ள முடியாது.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. இறுதிப் படத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமை தங்களுக்கு உண்டு என்று வாய்மொழியாகப் பேசிக்கொண்டதாக அதிகாரிகள் கூறினர். அப்படி எதுவும் பேசவில்லை என்றார் வைஸ்மேன். எழுத்தில் இல்லாத பேச்சு வழக்காடும்போது இரண்டு பேச்சாகிவிடுகிறது. யார் எதைப் பார்ப்பர், யாருக்கு எதனை மாற்றச் சொல்லும் உரிமை உண்டு என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்.

தடை யாரைக் காத்தது?

இதுவரை படித்தவர்கள் தடை சரியே என்று எண்ணலாம். ஆனால் மறுபக்கம் ஒன்று உண்டு. அந்தரங்கத்தைக் காக்க வழக்குத் தொடுத்த அதே அரசுதான் அம்மனிதர்களை நிர்வாணமாக வெறும் அறைகளில் அடைத்து வைத்திருந்தது. படம் வெளிவந்தால் தலைகுனியப்போவது நோயாளிகள் மட்டுமல்லர், அதிகாரிகளும்தான். மாநிலத் துணை ஆளுநராக இருந்தபோது வைஸ்மேனுக்கு அனுமதி கிடைக்க உதவிய எலியட் ரிச்சர்ட்சன், பின்னர் தலைமை வழக்கறிஞரானதும் அரசின் பக்கம் நின்று அப்படத்தை எதிர்த்தார்.

1987-இல் பிரிட்ஜ்வாட்டரில் நோயாளிகள் சிலர் இறந்தனர். இறந்தவர் ஒருவருக்காக வாதாடிய வழக்கறிஞர், அப்படத்தை மக்கள் பார்க்காமல் போனதற்கும் இம்மரணத்திற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்றார். அதனை எவரும் உறுதியாக நிறுவ முடியாது. எனினும் அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கவும் முடியாது. படத்தை மறைத்ததால் முகங்கள் காக்கப்பட்டன. அதே வேளையில் அம்முகங்களுக்குப் பின்னால் நடந்த கொடுமையும் மறைந்தது. ஆகவே ஒப்புதல் கிடைக்கவில்லை என்றால் படமே வேண்டாம் என்பது எல்லா வேளையிலும் போதுமான விடை ஆகாது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்னும் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

எதை விடுவது?

படத்தில் வரும் இரு காட்சிகளை எடுத்துக்கொள்வோம். உண்ண மறுக்கும் முதியவர் ஒருவருக்கு மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி உணவு ஊற்றுகிறார்கள். ஊற்றும் மருத்துவரின் வாயில் சிகரெட் புகைகிறது. அதன் சாம்பல் புனலுக்கு மேலே தொங்குகிறது. இக்காட்சியின் மையம் மருத்துவரின் அலட்சியம். அதை நீக்கினால் உண்மையே போய்விடும். இதற்கு இடையிடையே அதே முதியவரின் பிணத்தை அடக்கத்திற்குத் தயார் செய்யும் துண்டுகள் வருகின்றன. உணவு செலுத்தியதாலேயே அவர் இறந்தார் என்று பார்ப்பவர் எண்ணக்கூடும். அப்படி இணைத்தது மிகையானது என்று வைஸ்மேனே பின்னாளில் கருதினார்.

மற்றொரு காட்சியில், நிர்வாணமாக நிற்கும் ஒருவரிடம் அறையை ஏன் அசுத்தம் செய்தாய் என்று காவலர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுச் சீண்டுகிறார்கள். அவர் கத்துகிறார்; அவர்கள் மறுபடியும் கேட்கிறார்கள். காவலர்களின் குரலும் அம்மனிதரின் பதற்றமும் காட்டப்பட வேண்டியவைதாம். ஆனால் அவருடைய முழு உடலையும் அத்தனை நேரம் காட்டியிருக்க வேண்டுமா? உடலைத் தவிர்த்தாலும் காவலர்களின் குற்றம் ஒரு துளியும் குறையாது என்பது என் கருத்து. இங்கே பயன்படும் கேள்வி இதுதான்: இந்தக் காட்சி அம்பலப்படுத்துவது நிறுவனத்தையா, நோயாளியையா? இரண்டையும் என்றால், நோயாளியைக் குறைத்தும் நிறுவனத்தைக் காட்ட முடியுமா?

நம் ஊர் இல்லத்தில்

இதனை நமக்குப் பழகிய சூழலில் பொருத்திப் பார்ப்போம். ஒரு முதியோர் இல்லத்தில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவரைப் படம் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தோட்டத்தில் வளர்ந்த அவருக்குத் தமிழ் மட்டுமே பேசத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வைக்கும் கைரேகைக்கு என்ன பொருள்? பாரத்தை வாசித்துக் காட்டி “சரிதானே பாட்டி?” என்று கேட்டால் அவர் தலையாட்டுவார். நம்மிடம் உள்ள அன்பிற்காகவே ஆட்டுவார். அதற்கு மாறாக, அவரையே சொல்லச் சொல்ல வேண்டும்.

“பாட்டி, இந்தப் படத்த யாரு யாரு பாப்பாங்கன்னு நீங்களே ஒரு தடவ சொல்லுங்க.”

“நீங்க பிள்ளைங்க உங்க யுனிவர்சிட்டில பாப்பீங்க.”

இந்த ஒரு விடையிலேயே குறை தெரிந்துவிடும். இணையத்தில் ஏற்றினால் ஊரே பார்க்கும் என்பது அவருக்குப் புரியவில்லை. தாயார் அக்காள் வீட்டில் இருப்பதாக அவர் மகன் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கலாம். படம் வெளிவந்தால் அந்தக் கோபம் பாட்டியின் மேல்தான் விழும். இதை விளக்கிய பிறகு ஒருநாள் அவகாசம் தந்து மறுபடியும் கேட்க வேண்டும். கேட்கும்போது இல்லத்து ஊழியர் எவரும் அறையில் இருக்கக் கூடாது. படத்தைத் தொகுத்து முடித்ததும் அவர் பகுதியை அவருக்கே போட்டுக் காட்டி மூன்றாம் முறையும் கேட்பது நல்லது. எந்தத் தேதிவரை அவர் மறுக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இணையத்தில் பரவியபின் திரும்பப் பெறுவது நம் கையில் இல்லை.

தொகுக்கும்போதும் இதே கவனம் தேவை. பாட்டியின் காலில் கவனிப்பாரற்ற படுக்கைப் புண் இருந்தால் அது இல்லத்தின் குறையைக் காட்டும் சான்று. அவர் இசைந்தால் முகம் தெரியாமல் புண்ணை மட்டும் காட்டலாம். அவர் மகனை நினைத்து அழுவது இல்லத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மகனின் பெயரும் அதில் வந்தால் அத்துண்டை விட்டுவிடலாம். முகத்தை மங்கலாக்கினால் போதும் என்றும் நினைக்கக் கூடாது. குரல், சுவரில் உள்ள குடும்பப் படம், பின்னால் தெரியும் பெயர்ப் பலகை ஆகியவையும் ஆளைக் காட்டிக் கொடுக்கும். நமது 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இதனை நன்கு உணர்ந்தே எழுதப்பட்டுள்ளது. நீதிமன்ற நடவடிக்கையிலோ பாதுகாப்புக் காவலிலோ உள்ள சிறாரின் படத்தை மட்டுமன்றி பெயர், முகவரி, பயிலும் பள்ளி ஆகியவற்றை வெளியிடவும் அது தடை விதிக்கிறது. ஆகவே சிறுவர் இல்லத்தில் படம் எடுப்போர் பள்ளிச் சீருடையின் சின்னத்தையும் கவனிக்க வேண்டும்.

பிரிட்ஜ்வாட்டர் நோயாளிகளிடம் எவரும் மூன்று முறை கேட்கவில்லை. படம் வெளிவருமா வராதா என்பதை இயக்குநரும் அரசும் நீதிபதிகளுமே இருபத்து நான்கு ஆண்டுகள் வாதாடித் தீர்மானித்தனர். அதற்குள் அவர்களுள் பலர் இறந்துவிட்டனர். அடுத்த முறை நாம் ஓர் இல்லத்திற்குக் கேமராவுடன் செல்லும்போது, பொறுப்பாளரின் கையெழுத்தை வாங்கிய பின்னும் படத்தில் தோன்றப்போகிறவரின் பக்கத்தில் சற்று உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தொடங்குவோம்.