மூன்றா, பதின்மூன்றா?

மென்பொருள் குழு ஒன்று அடுத்த இரண்டு வார வேலையை அளவிட உட்காருகிறது. மூத்தவர் ஒருவர் "இது சின்ன வேலைதான்" என்று சொல்லிவிட்டால் போதும், மற்றவர்களின் கணக்கும் அந்தப் பக்கமே சாயும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார்கள். 10 விழுந்ததைப் பார்த்தவர்களின் பதில் 25-ஐ ஒட்டியும், 65-ஐப் பார்த்தவர்களின் பதில் 45-ஐ ஒட்டியும் இருந்தது.

இந்தச் சாய்வைத் தவிர்க்க உதவுவது பிளானிங் போக்கர். 2002-ல் ஜேம்ஸ் கிரெனிங் எழுதிய முறை இது. ஒவ்வொருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். சீட்டுகளில் பொதுவாக 1, 2, 3, 5, 8, 13, 20 என்று எண்கள் இருக்கும். இவை மணிக்கணக்கு அல்ல. முன்பு முடித்த ஒரு வேலையோடு ஒப்பிட்டால் இது எத்தனை பங்கு பெரியது என்பதன் குறி.

பஸ் டிக்கெட் செயலியில் "பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்பும்" என்ற வேலையை எடுத்துக்கொள்வோம். சீட்டுகளைத் திருப்பினால் 3, 3, 5, 13. கூட்டிச் சராசரி பார்த்து 6 என்று எழுதிவிட்டுப் போக யாருக்கும் ஆசை வரும். ஆனால் நால்வரில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாமலேயே போய்விடும்.

அதனால் முதலில் பேச வேண்டியவர்கள் இரண்டு ஓரத்தில் இருப்பவர்கள். 13 போட்டவர் டெஸ்டர். "நாலு பேர் டிக்கெட்டில் ஒருத்தரை மட்டும் ரத்து பண்ணினா? கூப்பன் போட்டு வாங்கியிருந்தா எவ்வளவு திரும்பத் தரணும்?" என்கிறார். 3 போட்டவர்களில் ஒருவரோ, பணம் திருப்பும் பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது, அதை அழைத்தால் போதும் என்கிறார். இரண்டுமே உண்மை. கூப்பன் சங்கதியைத் தனி வேலையாகப் பிரித்துவிட்டு மறுபடி சீட்டுப் போட்டால் 5, 5, 5, 8 வருகிறது. இந்த அளவு வித்தியாசத்துக்கு மேலும் வாதாடுவது வீண். 5 அல்லது 8 என்று ஒன்றை எழுதிக்கொள்ளலாம்.

சந்தேகப்பட வேண்டிய ஒற்றுமையும் உண்டு. புதிதாக யாரும் எதுவும் சொல்லாமலே இரண்டாம் சுற்றில் 13 சட்டென்று 3 ஆனால், அங்கே கருத்து மாறவில்லை, ஆள் அடங்கிவிட்டார். அப்போது கூட்டத்தை நடத்துபவர் அவரிடமே "நீங்க சொன்ன அந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது?" என்று கேட்க வேண்டும்.

மூன்று சுற்றுக்குப் பிறகும் இடைவெளி குறையவில்லையென்றால், குழுவில் யாருக்குமே விடை தெரியாத கேள்வி ஒன்று அதில் இருக்கக்கூடும். வங்கியின் பணம் திருப்பும் சேவை பகுதித் தொகையை ஏற்குமா என்பது போல. பேசித் தீராத இதற்கு ஒருவரை ஒரு நாள் ஒதுக்கிச் சோதித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த வேலையை மதிப்பிடாமலே ஓரமாக வைத்துவிடலாம்.