பைக் திருடு போனால் புகாரில் என்ன எழுத வேண்டும்?

நிறுத்திய இடத்தில் பைக் இல்லை என்றால், காவல் நிலையத்துக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களை விசாரித்துவிடுங்கள். போக்குவரத்துப் போலீசார் இழுத்துச் சென்றிருக்கிறார்களா? வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால், ஃபைனான்ஸ்காரர்கள் எடுத்துச் சென்றிருக்கிறார்களா? நிலையத்தில் முதலில் கேட்கப்படும் கேள்விகளும் பெரும்பாலும் இவைதான். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும் புகார் எழுத உட்கார்ந்துவிடலாம்.

பலருடைய புகாரில் குடும்பச் சூழ்நிலையும் கடன் கஷ்டமும் ஒரு பக்கத்துக்கு இருக்கும், சேஸிஸ் எண் இருக்காது. அந்தக் கஷ்டம் உண்மைதான். ஆனால் வண்டியைத் தேடும் காவலருக்கு முதலில் தேவைப்படுவது நேரம், இடம், வண்டியின் அடையாளம் ஆகிய மூன்றும்தான்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு அதிகாலையில் வந்த ஒரு வியாபாரியின் வண்டி திருடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். “காலையில் வண்டியைக் காணவில்லை” என்று மட்டும் அவர் எழுதினால், எந்த நேரத்துக் கேமரா பதிவைப் பார்ப்பது? அவர் இப்படி எழுத வேண்டும்:

“இன்று அதிகாலை 4.30 மணியளவில் பூ மார்க்கெட் நுழைவாயிலுக்கு எதிரே உள்ள டீக்கடையின் இடப்பக்கம் எனது வண்டியை நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றேன். 5.45 மணிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது வண்டி இல்லை. அக்கம்பக்கத்தில் தேடியும் விசாரித்தும் கிடைக்கவில்லை. யாரோ திருடிச் சென்றுவிட்டார்கள். டீக்கடை வாசலில் கண்காணிப்புக் கேமரா உள்ளது.”

நிறுத்திய நேரம், இல்லை என்று கண்ட நேரம் என இரண்டும் இருப்பதால், காவலர் ஒன்றேகால் மணி நேரப் பதிவைப் பார்த்தால் போதும். கேமராவைக் குறிப்பிடுவதும் முக்கியம். கடைகளில் உள்ள கருவிகள் சேமிக்கும் இடம் நிரம்பியதும் பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதைப் பதியும். எத்தனை நாளில் அழியும் என்பது கடைக்குக் கடை மாறும். அதனால் பதிவு கிடைக்குமா என்று அன்றைக்கே கடைக்காரரிடம் கேட்டுவைப்பது நல்லது.

அடுத்தது வண்டியின் அடையாளம். திருடியவர் முதலில் மாற்றுவது நம்பர் பிளேட்டைத்தான். பிறகு வண்டியைக் காட்டிக்கொடுப்பவை சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும். இரண்டும் ஆர்.சி. புத்தகத்திலும் இன்சூரன்ஸ் தாளிலும் இருக்கும். ஆர்.சி. வண்டியோடு போய்விட்டால் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ எடுக்கலாம். சேஸிஸ் எண் 17 எழுத்தும் எண்ணுமாகக் கலந்து வரும். அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வராது என்பதால், வட்டமாகத் தெரிவது பூஜ்ஜியம்தான். எழுதி முடித்ததும் இன்னொருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும், பிடிபட்ட வண்டி உங்களுடையதுதான் என்று காட்டுவது சிக்கலாகிவிடும்.

கம்பெனி, மாடல், நிறம், வாங்கிய ஆண்டு, இப்போதைய மதிப்பு ஆகியவற்றோடு வண்டியில் உள்ள தனி அடையாளங்களையும் எழுதுங்கள். டேங்கின் வலப்பக்க நசுங்கல், மாற்றிப் போட்ட கண்ணாடி, சீட்டில் கிழிந்து தைத்த இடம் போன்றவை பிளேட் மாறினாலும் மாறாமல் இருக்கக்கூடியவை. பெட்டிக்குள் இருந்த ஆவணங்களையும் விடாதீர்கள். ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால், யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்பதை உள்ளபடியே எழுதிவிடுங்கள்.

புகார் கொடுக்கத் தாமதமானால் காரணத்தையும் எழுதுங்கள், முதல் தகவல் அறிக்கையில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு. ஆதாரமில்லாத சந்தேகத்தில் யார் பெயரையும் சேர்க்காதீர்கள். தேதி, கையெழுத்து, கைபேசி எண்ணோடு ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களை இணைத்து, புகாரின் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கலாம். அது மனுவைப் பெற்றதற்கான சான்று மட்டுமே. இன்சூரன்ஸ் கம்பெனி கேட்பது எஃப்.ஐ.ஆர். நகலை. பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி அதன் நகல் உங்களுக்கு இலவசம். பதிய மறுத்தால், புகாரை எழுத்து மூலமாகத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப அதே பிரிவு வழி செய்கிறது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது என்பதை மட்டுமே காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வண்டி கிடைக்கவில்லை என்று போலீசார் பின்னர் தரும் அறிக்கையும் இழப்பீட்டுக்குத் தேவைப்படும். வண்டியின் இரண்டு சாவிகளையும் கம்பெனி கேட்பது வழக்கம். எனவே சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால், புகாரில் அதை மறைக்காமல் எழுதுங்கள். புகாரும் இழப்பீட்டு விண்ணப்பமும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கப்படும்.