புனல் வரைபடத்தில் ஓட்டை எங்கே?

இணையத்தில் சேலை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் தளத்துக்கு 10,000 பேர் வருகிறார்கள். அவர்களில் 4,000 பேர் ஏதாவது ஒரு சேலையின் பக்கத்தைத் திறக்கிறார்கள். 800 பேர் சேலையைக் கூடையில் போடுகிறார்கள். 600 பேர் பணம் கட்டும் பக்கம் வரை போகிறார்கள். 180 பேர் மட்டுமே வாங்கி முடிக்கிறார்கள். இந்த எண்களை மேலிருந்து கீழாகப் பட்டைகளாக அடுக்கினால் அதுதான் புனல் வரைபடம்.

படத்தைப் பார்த்ததும் கண்ணில் படுவது முதல் படியில் குறைந்த 6,000 பேர். ஆனால் சும்மா எட்டிப் பார்த்தவர்களும் அதில் அடக்கம். அதனால் ஒவ்வொரு படியையும் அதற்கு முந்தைய படியோடு வகுத்துப் பார்க்க வேண்டும். அப்போது இழப்பு முறையே 60, 80, 25, 70 சதவீதம்.

சதவீதத்தில் பெரியது 80. அங்கே விலை, படம், அளவு விவரம் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். ஆனாலும் முதலில் கவனிக்க வேண்டியது கடைசிப் படியின் 70 சதவீதம். வாங்க முடிவெடுத்து வந்தவர்கள் அங்கேதான் திரும்பிப் போகிறார்கள்.

அந்த 600 பேரைக் கருவிவாரியாகப் பிரியுங்கள். கணினியில் வந்த 150 பேரில் 120 பேர் வாங்கியிருக்கிறார்கள். கைபேசியில் வந்த 450 பேரில் 60 பேர்தான். அப்படியானால் சந்தேகம் கைபேசிப் பக்கத்தின் மீதுதான்.

விழுந்த இடத்தைத்தான் வரைபடம் காட்டும், காரணத்தைக் காட்டாது. காரணம் தெரிய, உங்கள் கைபேசியிலேயே ஒரு சேலையை வாங்கிப் பாருங்கள்.