62 சதவீதம் எங்கே குறைந்தது?

2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. முந்தைய அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்தில் பெய்த மழை 168.3 மில்லிமீட்டர். வழக்கமாகப் பெய்ய வேண்டியது 440.4. பெய்ததிலிருந்து வழக்கத்தைக் கழித்து, வழக்கத்தாலேயே வகுத்தால் 62 சதவீதக் குறைவு வருகிறது. 1876-க்குப் பிறகு இவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் வந்ததில்லை. அந்த 1876-ஐ நம் கிராமங்கள் தாது வருஷப் பஞ்சம் என்று இன்னும் நினைவில் வைத்திருக்கின்றன.

ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்த 440.4 எங்கிருந்து வருகிறது, அதை எந்த இடத்துக்குப் பொருத்துகிறோம் என்பதில்தான் வறட்சிக் கண்காணிப்பே அடங்கியிருக்கிறது.

மழைமானியிலிருந்து தொடங்குவோம். தாலுகா அலுவலக வளாகத்தில் மரநிழல் விழாத இடமாகப் பார்த்து, முழங்கால் உயரத்தில் ஓர் உருளையை நட்டிருப்பார்கள். தினமும் காலை 8.30 மணிக்கு ஒருவர் அதைத் திறந்து, சேர்ந்திருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார். முந்தைய நாள் 8.30-லிருந்து அன்று 8.30 வரை பெய்ததுதான் அன்றைய மழை. இப்படி நாடு முழுவதும் 6,955 மழைமானிகளின் பதிவுகளைத் திரட்டி, 1901 தொடங்கி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்ட வரைபடத்தை இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாக்கியிருக்கிறது. கால் பாகை நீளம், கால் பாகை அகலம் கொண்ட சதுரங்கள். நம் பக்கத்தில் ஒரு சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்குள் சுமார் 170 சதுரங்கள் அடங்கும்.

எதற்காக இந்தச் சதுரங்கள்? மழைமானிகள் சீராகப் பரவியிருப்பதில்லை. ஒரு ஊரைச் சுற்றி ஐந்து இருக்கும், பக்கத்து வறண்ட வட்டாரத்தில் ஒன்றே ஒன்று இருக்கும். அப்படியே சராசரி எடுத்தால் ஐந்து உள்ள இடத்தின் மழைதான் மாநிலத்தின் மழையாகத் தெரியும். சதுரமாகப் பிரித்தால் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் சமமான குரல் கிடைக்கிறது. மழைமானி இல்லாத சதுரத்துக்கு அக்கம்பக்கத்து மானிகளின் அளவிலிருந்து மதிப்பு கணக்கிடுவார்கள். அருகில் உள்ளதற்குக் கூடுதல் எடை, தள்ளி உள்ளதற்குக் குறைந்த எடை.

அடுத்தது நீண்டகால சராசரி. ஒவ்வொரு சதுரத்துக்கும் அதே மூன்று மாத மழையைப் பல பத்தாண்டுகளுக்குக் கூட்டி, ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். இந்த ஆண்டு மழையிலிருந்து இதைக் கழித்தால் கிடைப்பதே விலகல். இப்படிச் சதுரம் சதுரமாகக் கழித்தால்தான் 2016-இன் உண்மையான முகம் தெரியும். அந்த டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் வட கடலோரச் சதுரங்களின் கணக்கு கொஞ்சம் ஏறியது. உள்மாவட்டங்களுக்கும் தெற்குக்கும் அந்தப் புயலால் பெரிய பயன் இல்லை. மாநிலச் சராசரியில் வர்தாவின் நீரும் கரைந்துவிடுகிறது. சென்னையின் ஒருநாள் வெள்ளம், கணக்கில் மட்டும், தொலைவில் காய்ந்த ஒரு காட்டின் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது.

சதவீதத்தை மட்டும் நம்பினால் இன்னொரு இடத்தில் சறுக்கும். கணக்குக்காக இரண்டு சதுரங்களை வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் பருவ சராசரி 500 மில்லிமீட்டர், இந்த ஆண்டு இரண்டிலும் பெய்தது 300. இரண்டிலும் 40 சதவீதக் குறைவு. ஆனால் முதல் சதுரத்தில் மழை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. சராசரியைச் சுற்றி 75 மில்லிமீட்டர் ஏறி இறங்குவதே அதன் இயல்பு. இரண்டாவது புயலை நம்பியிருக்கும் கடலோரம். 200 மில்லிமீட்டர் ஏறி இறங்குவது அங்கே சகஜம். குறைந்த 200-ஐ அந்தந்த இயல்பால் வகுத்துப் பாருங்கள். முதல் இடத்தில் கழித்தல் 2.7, இரண்டாவதில் கழித்தல் 1. இரண்டாவது ஊர் இப்படிப்பட்ட ஆண்டுகளைப் பார்த்துப் பழகியது. ஏரியும் குளமும் அதற்கேற்ப வெட்டியிருப்பார்கள். முதல் ஊருக்கோ இது மிக அரிதாக வருவது. 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் மெக்கீயும் அவருடைய சகாக்களும் முன்வைத்த எஸ்.பி.ஐ. என்ற குறியீடு இந்த எண்ணத்தைத்தான் சீராக்கியது. மழை பூஜ்யத்துக்குக் கீழே போகாது, மேலே எவ்வளவும் போகும். அந்தக் கோணலையும் சரிசெய்துகொண்டே அது கணக்கிடுகிறது. அதில் கழித்தல் 2-ஐத் தாண்டினால் மிகக் கடுமையான வறட்சி.

சராசரிக்கு எந்த ஆண்டுகளை எடுக்கிறோம் என்பதும் முடிவையே மாற்றக்கூடியது. தென்மேற்குப் பருவத்துக்கான அகில இந்திய சராசரி 1961 முதல் 2010 வரையிலான கணக்கில் சுமார் 880 மில்லிமீட்டர். 1971 முதல் 2020 வரை என்று மாற்றியபோது அது சுமார் 870 ஆனது. ஒரு பருவத்தில் 783 மில்லிமீட்டர் பெய்தது என்று வையுங்கள். பழைய அளவுகோலில் அது 89 சதவீதம், மழை பொய்த்த ஆண்டு. புதிய அளவுகோலில் 90 சதவீதம், சற்றுக் குறைந்த ஆண்டு. வானத்திலிருந்து விழுந்த நீர் ஒன்றுதான். ஆகவே இரண்டு ஆண்டுகளின் வரைபடங்களை அருகருகே வைக்கும்போது நான் முதலில் பார்ப்பது மூலையில் எழுதியிருக்கும் சராசரிக் காலத்தைத்தான்.

தவறான வறட்சியும் வரைபடத்தில் முளைக்கும். மழைமானி பழுதாகி அறிக்கை வராத நாட்களை யாராவது பூஜ்யம் என்று நிரப்பிவிட்டால் அந்தச் சதுரம் காய்ந்துபோகும். கண்டுபிடிப்பது கடினமில்லை. சுற்றிலும் நனைந்திருக்க, நடுவில் ஒரே ஒரு மானியைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். உண்மையான வறட்சி அப்படி வட்டம் போட்டு வராது. மலையோரத்தில் நேரெதிரான சிக்கல். வால்பாறையில் கொட்டும் மழை, மலைக்குக் கிழக்கே இறங்கியதும் மெலிந்துவிடும். முகடும் சமவெளியும் ஒரே சதுரத்துக்குள் விழுந்தால், சமவெளி விவசாயிக்குக் கிடைக்காத மழை அவர் பெயரில் வரவாகிவிடும்.

மொத்த மழை சரியாக இருந்தும் பயிர் போவது உண்டு. ஐப்பசியில் அடைமழையாகப் பெய்ய வேண்டியது மூன்றே நாளில் கொட்டிவிட்டு நின்றால், பருவ விலகல் பூஜ்யம் என்றே காட்டும். இதனால்தான் மத்திய அரசின் 2016 டிசம்பர் வறட்சிக் கையேடு பருவ மொத்தத்தோடு இடைவெளியையும் பார்க்கச் சொல்கிறது: தொடர்ந்து மூன்று நான்கு வாரம் இயல்பில் பாதிகூடப் பெய்யாவிட்டால் அது வறட்சியின் அறிகுறி. பிறகுதான் செயற்கைக்கோளில் தெரியும் பயிர்ப்பசுமை, மண்ணின் ஈரம், அணையின் இருப்பு, கடைசியாக வயலில் இறங்கிப் பார்ப்பது.

டெல்டாவுக்கு இதுவும் போதாது. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை 2016-இல் செப்டம்பர் 20-ஆம் தேதிதான் திறந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தஞ்சாவூர்ச் சதுரங்களில் பெய்யும் மழை எப்போதுமே அணையை நிரப்புவதில்லை. நிரப்புவது குடகிலும் வயநாட்டிலும் பெய்வது. அந்த மலைச் சதுரங்கள் அந்த ஆண்டு தென்மேற்கிலேயே சிவந்திருந்தன. நாற்று விடலாமா என்று யோசிக்கும் டெல்டா விவசாயிக்கு ஆகஸ்டில் உதவக்கூடிய வரைபடம் அவர் ஊருடையதல்ல. 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள குடகுடையது. தன் ஊருக்கான வரைபடத்தை அவர் பிறகு ஐப்பசியில் வாரா வாரம் பார்க்கலாம்.